கம்பிவேலிக்குப் பின்னால் ஒருவர்: ஆழம் சொல்வதும் சொல்லாததும்

விளையாட்டுத் திடலைச் சுற்றிய வலைக்கம்பி வேலியின் படம் ஒன்று இருக்கிறது. வேறோர் இடத்தில் எடுத்த ஒருவரின் படம் இன்னொன்று. அவர் வேலிக்கு அப்பால் நிற்பதுபோல் இரண்டையும் சேர்க்க வேண்டும். பாடநூல்களும் பயிற்சிக் காணொளிகளும் இதற்குச் சொல்லும் வழி எளிமையானது: பின்னணி ஒரு லேயர், ஆள் ஒரு லேயர், அறுத்தெடுத்த வேலி எல்லாவற்றுக்கும் மேலே இன்னொரு லேயர். எது முன்னே, எது பின்னே என்ற வரிசையைப் பொறுத்தவரை இது சரிதான். ஆனால் இப்படிச் செய்த படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி தோற்கின்றன. கம்பியின் இருபுறமும் வெளிறிய கோடு ஓடுகிறது, மெல்லிய கம்பிகள் விட்டுவிட்டுத் தெரிகின்றன, ஆள் வேலிக்குப் பின்னால் நிற்காமல் வேலியின் மேல் ஒட்டிய தாள்போல் இருக்கிறார். மாஸ்க் வரைந்தவரின் கை நடுங்கியதால் இப்படி ஆவதில்லை. வரிசை, மறைப்பு, நிறம் என்ற மூன்று தனித்தனிக் கேள்விகளில் ஆழம் முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்கிறது. ஒரு பிக்சலில் கம்பி எவ்வளவு இடத்தை மறைக்கிறது, அந்தக் கம்பியின் சொந்த நிறம் என்ன என்ற மற்ற இரண்டையும் வேறு வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவற்றை ஆழத்திடமே கேட்பதுதான் இந்த வேலையின் அடிப்படைப் பிழை என்பது என் வாதம்.

கம்பியின் விளிம்பில் இருக்கும் ஒரு பிக்சலைப் பார்ப்போம். அதன் பரப்பில் ஒரு பகுதியில் கம்பி, மீதியில் பின்னால் இருக்கும் சுவர். கேமரா இரண்டின் ஒளியையும் கூட்டி ஒரே எண்ணாகப் பதிகிறது. லூகாஸ் ஃபிலிமில் பணியாற்றிய தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் 1984-இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கலவையைக் கையாளும் கணக்கை ஒழுங்குபடுத்தித் தந்தது. இன்றைய மென்பொருள்கள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. முன்பொருள் மறைக்கும் பங்கை α என்றும், அதன் நிறத்தை F என்றும், பின்னணியை B என்றும் வைத்தால் பிக்சலின் மதிப்பு C இப்படி அமையும்:

```
C = αF + (1 − α)B
```

இதில் எண்களைப் போட்டுப் பார்த்தால் வெளிறிய கோடு எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும். சுவரின் ஒளி அளவு 0.70, கம்பி கருமையானது 0.10, விளிம்புப் பிக்சலில் கம்பியின் பங்கு 0.30 என்று கொள்வோம். அசல் படத்தில் அந்தப் பிக்சல் 0.03 + 0.49, அதாவது 0.52. இப்போது வேலியை மிகச் சரியான மாஸ்க்கோடு, 0.30 என்ற துல்லியமான பங்கோடு அறுத்தெடுத்து, 0.40 அளவுள்ள சட்டை அணிந்தவரின் மேல் வைக்கிறோம். மென்பொருள் 0.52-ஐக் கம்பியின் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. விடை 0.156 + 0.28, ஏறத்தாழ 0.44. கருங்கம்பி கடக்கும் இடம் சட்டையைவிட இருட்டாக இருக்க வேண்டும், ஆனால் வெளிச்சமாகிவிட்டது. சரியான விடை 0.03 + 0.28, அதாவது 0.31. மாஸ்க்கில் எள்ளளவும் குறையில்லாத நிலையிலேயே இந்தப் பிழை வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நீர் கலந்த பாலைக் கத்தியால் பிரிக்க முடியாது என்பதுபோல, அறுப்பதை எவ்வளவு கூர்மையாக்கினாலும் பிக்சலுக்குள் கலந்த சுவரின் ஒளி வெளியேறாது.

இதற்கு வழக்கமான கைவைத்தியம், மாஸ்க்கை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே சுருக்குவது. தடித்த தூணுக்கு இது போதும். தூணின் அகலம் 200 பிக்சல் என்றால் இரண்டு பிக்சல் போனதை யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆனால் தொலைவிலிருக்கும் வலைக்கம்பியின் மொத்த அகலமே நான்கு பிக்சல்தான் என்றால், சுருக்கிய பிறகு கம்பியே மிஞ்சாது. கம்பி விட்டுவிட்டுத் தெரிவதற்கு இதுதான் காரணம். ஃபோட்டோஷாப்பில் உள்ள `Decontaminate Colors` இன்னொரு வழியை எடுக்கிறது. விளிம்பின் நிறத்தை நீக்கி, அருகில் முழுமையாக மறைக்கும் பகுதியின் நிறத்தை அங்கே பரப்புகிறது. நடுவில் முழுக்க மறைக்கும் பகுதி ஒன்று இருந்தால்தான் அது வேலை செய்யும். வேலி குவியத்தை விட்டு விலகியிருக்கும்போது அப்படியொரு பகுதியே இருப்பதில்லை.

அந்த நிலையைக் கணக்காகவே பார்த்துவிடலாம், ஏனென்றால் இந்தச் சிக்கலின் உண்மையான உருவம் அதில்தான் வெளிப்படுகிறது. முழுச் சட்டக சென்சார், 36 மி.மீ. அகலத்தில் 6000 பிக்சல். லென்ஸ் 85 மி.மீ. குவியம் 4 மீட்டரில் நிற்கும் ஆள் மேல். வேலி 1.5 மீட்டரில், கம்பியின் தடிமன் 3 மி.மீ. துளை f/1.8 என்றால் வேலியிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் சென்சாரில் ஏறத்தாழ 1.7 மி.மீ. விட்டமுள்ள வட்டமாகப் பரவுகிறது. அது சுமார் 285 பிக்சல். கூர்மையாகப் பதிந்திருந்தால் கம்பியின் அகலம் 29 பிக்சல்தான் இருந்திருக்கும். 29 பிக்சல் அகலக் கோடு 285 பிக்சல் வட்டத்தில் கரையும்போது, கம்பியின் நடுக்கோட்டிலேயே மறைப்பு 13 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. மீதி 87 சதவீதம் பின்னால் இருப்பவரின் ஒளி. துளையை f/11-க்குச் சுருக்கினாலும் பரவல் 47 பிக்சல் வருகிறது. நடுக்கோட்டில் மறைப்பு 73 சதவீதத்தில் நின்றுவிடுகிறது. ஆக, ஆளின் முகத்தைக் குவியமாக வைத்து, வேலிக்கு அருகில் நின்று எடுக்கும் படத்தில் கம்பி எங்கேயும் முழுப்பொருளாக இல்லை. வெள்ளை, கறுப்பு என்று இரண்டே நிலை கொண்ட மாஸ்க்கை இங்கே வரைந்தால், கேமரா பார்க்காத ஒன்றை நாம் கற்பனையாக வரைகிறோம். பென் டூலால் கோடு போட்டு, பிறகு மங்கலாக்கி ஏமாற்றலாம் என்றால் ஓரளவுக்கு முடியும். ஆனால் மங்கல் வட்டத்தின் அளவும் கம்பியின் அகலமும் மேலே சொன்னதுபோல் பொருந்தினால்தான் 13 சதவீதம் வரும். கண்ணால் தட்டுத்தடுமாறி அமைப்பவர்கள் பெரும்பாலும் இதைவிட அடர்த்தியாக வைத்துவிடுகிறார்கள்.

இனி ஆழத்துக்கு வருவோம். ஒவ்வொரு பிக்சலுக்கும் தொலைவைச் சொல்லும் ஆழ வரைபடம் கையில் இருந்தால், ஆளை 4 மீட்டரில் வைத்து, அதைவிட அருகில் இருப்பதெல்லாம் முன்னே, மற்றதெல்லாம் பின்னே என்று கணினியே பிரித்துவிடாதா என்ற எதிர்வாதம் வலுவானது, நேர்மையானதும்கூட. கல்தூண், அகலமான அடிமரம், கதவு போன்றவற்றுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. வேலியில் தோற்பதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, அளவெடுக்கும் கருவியின் நுணுக்கம். ஐஃபோன் 12 புரோ முதல் சில ஃபோன்களில் வரும் லைடார் சென்சார், செயலிகளுக்குக் கொடுக்கும் ஆழ வரைபடத்தின் அளவு 256 × 192. அந்த ஃபோனின் முதன்மை லென்ஸ் 1.5 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. அதை 256 பங்காக்கினால் ஒவ்வொரு புள்ளிக்கும் 8 மி.மீ. வருகிறது. 3 மி.மீ. கம்பி அந்த வலைக்குள் விழாமலே நழுவிவிடும். நுணுக்கத்தை நாளை கூட்டிவிடலாம் என்று சொல்லலாம். அப்போதும் இரண்டாவது காரணம் அப்படியே இருக்கும், அதுதான் அடிப்படையானது. விளிம்புப் பிக்சலுக்கு ஒரே தொலைவு கிடையாது. கம்பி 2 மீட்டரிலும் சுவர் 10 மீட்டரிலும் இருந்து, பிக்சலை இரண்டும் பாதிப்பாதியாகப் பகிர்ந்தால், சராசரி 6 மீட்டர் என்று ஓர் எண் கிடைக்கும். அந்த 6 மீட்டரில் எந்தப் பொருளும் இல்லை. ஆளை 4 மீட்டரில் வைத்தால் அந்தப் பிக்சல் ஆளுக்குப் பின்னால் போய்விடும், கம்பியின் பாதி உடம்பு காணாமல் போகும். நிறத்தைச் சராசரி பார்ப்பதற்குப் பொருள் உண்டு, கேமராவே அதைத்தான் செய்கிறது. தொலைவைச் சராசரி பார்ப்பதற்குப் பொருளே இல்லை. கணினி வரைகலையில் ஆழ வரைபடத்தின் விளிம்புகளை மென்மையாக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். மென்மையாக்காமல் விட்டால் விளிம்பு படிக்கட்டாகிறது, மென்மையாக்கினால் பொய்யாகிறது.

திரைப்படத் துறை இந்த முட்டுச்சந்தை எப்படிக் கடந்தது என்பது நம் கேள்விக்கு நல்ல சான்று. ஒரு பிக்சலுக்கு ஒரே ஆழம் என்ற எண்ணத்தையே அவர்கள் கைவிட்டார்கள். 2 மீட்டரில் இவ்வளவு மறைப்போடு இந்த நிறம், 10 மீட்டரில் இவ்வளவு மறைப்போடு அந்த நிறம் என்று ஒரே பிக்சலுக்குள் பல பதிவுகளை வைக்கும் முறை வளர்ந்தது. 2013-இல் வந்த ஓப்பன்இஎக்ஸ்ஆர் கோப்பு வடிவத்தின் இரண்டாம் பதிப்பு இதை ஏற்றுக்கொண்டது. அடர்ந்த காட்டுக்குள்ளும் புகைக்குள்ளும் ஒரு கதாபாத்திரத்தை எந்த ஆழத்திலும் நுழைக்க இதனால் முடிகிறது. ஆனால் அந்தப் பதிவுகள் கணினி வரைந்த காட்சிகளிலிருந்து வருபவை. ஒவ்வொரு இலையின் தொலைவும் மறைப்பும் வரையும்போதே கணினிக்குத் தெரியும். சாதாரணக் கேமராவில் எடுத்த புகைப்படத்தில் அந்தச் செய்தி இல்லவே இல்லை. அந்தத் திரைப்பட முறையில்கூட ஆழம் தனியாக வேலை செய்யவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். ஒவ்வோர் ஆழத்துக்கும் அதனதன் மறைப்பளவும் நிறமும் கூடவே வந்தால்தான் அது பயன்படுகிறது.

அப்படியானால் புகைப்படத்தில் மறைப்பையும் நிறத்தையும் எப்படிப் பெறுவது? வேலியைப் படமெடுக்கும் வாய்ப்பு நம் கையில் இருந்தால், ஐயத்துக்கே இடமில்லாத வழி ஒன்று உண்டு. ஆல்வி ரே ஸ்மித்தும் ஜேம்ஸ் பிளின்னும் 1996-இல் கணிதமாக நிறுவியது அது. ஒரே பொருளை, நிறம் தெரிந்த இரண்டு வெவ்வேறு பின்னணிகளோடு எடுத்தால் α, F இரண்டையுமே கண்டுபிடித்துவிடலாம். செய்முறை இப்படி: கேமராவை முக்காலியில் பூட்டி, துளை, நேரம், வெண்சமநிலை அனைத்தையும் கைமுறையில் நிறுத்தி, குவியத்தை ஆள் நிற்கப்போகும் 4 மீட்டரில் வைத்துப் பூட்ட வேண்டும். வேலியின் மேல் குவியம் வைத்தால் மங்கல் மாறிவிடும், எடுத்த மாஸ்க் பயன்படாது. வேலிக்கு ஒரு மீட்டருக்கு மேல் அப்பால் கறுப்பு வெல்வெட் துணியைத் தொங்கவிட்டு ஒரு படம், அதே இடத்தில் வெள்ளைத் துணியோடு இன்னொரு படம். வெள்ளைத் துணி மட்டும் தெரியும்படி வேலியில்லாமல் ஒரு படம் எடுத்து அதன் ஒளி அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். துணியை வேலிக்கு ஒட்டித் தொங்கவிட்டால் வெள்ளையின் ஒளி கம்பியின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பிக் கணக்கைக் கெடுக்கும். கறுப்புப் படம் Cb, வெள்ளைப் படம் Cw, வெள்ளைத் துணி W என்றால்:

```
α = 1 − (Cw − Cb) / W
```

முன்பு பார்த்த அதே பிக்சல் கறுப்புத் துணிமுன் 0.03, வெள்ளைத் துணிமுன் 0.59, துணி 0.80 என்று பதிந்தால் α = 1 − 0.56/0.80 = 0.30. கம்பியின் நிறத்தைத் தனியே வகுத்தெடுக்கவும் தேவையில்லை. கறுப்புப் படமே αF ஆகிவிடுகிறது, ஏனென்றால் பின்னாலிருந்து ஒளி எதுவும் வரவில்லை. ஆக ஆளும் சுவரும் சேர்ந்த படத்தை (1 − α) மாஸ்க்கால் மங்கவைத்து, அதன்மேல் கறுப்புப் படத்தை `Linear Dodge` முறையில் கூட்டினால் 0.28 + 0.03 = 0.31. வேலியை அறுக்கவே இல்லை. 13 சதவீத மறைப்புள்ள கரைந்த கம்பிக்கும், f/11-இல் எடுத்த கம்பிக்கும், துருப்பிடித்த முள்கம்பிக்கும் கணக்கு ஒன்றுதான்.

வேலிப் படம் ஏற்கெனவே எடுத்து முடிந்து, திரும்பிப் போக முடியாது என்பதுதான் பெரும்பாலானவர்களின் நிலை. அதிலும் வழியில்லாமல் இல்லை, ஆனால் பின்னணி எவ்வளவு தெளிவாக ஊகிக்கத் தக்கது என்பதைப் பொறுத்தே பலன் கிடைக்கும். சுவர் ஒரே சீரான நிறமென்றால் கம்பிகளுக்கிடையே தெரியும் சுவரிலிருந்து B-யை நிரப்பிக்கொள்ளலாம். கம்பியின் நிறத்தை அதே பூச்சுள்ள தடித்த சட்டத்திலிருந்து அளந்துகொள்ளலாம். பிறகு α = (C − B) / (F − B). நம் பிக்சலில் (0.52 − 0.70) / (0.10 − 0.70), அதே 0.30. இந்த வகுத்தலின் கீழ்ப்பகுதியைப் பார்த்தாலே எந்தப் படம் கைகொடுக்கும், எது கொடுக்காது என்பது தெரிந்துவிடும். வெள்ளையடித்த சுவருக்கு முன் வெள்ளைப் பூச்சுள்ள கைப்பிடிக் கம்பி, 0.70-க்கு எதிரே 0.65 என்றால் கீழே 0.05 மட்டுமே இருக்கிறது. படத்தின் இரைச்சல் 0.01 ஏறியிறங்கினாலே மறைப்பில் 20 சதவீதம் தவறு வரும். அப்படிப்பட்ட கிரில், கைப்பிடி எல்லாம் நேர்கோடுகளும் சீரான வளைவுகளும் கொண்டவை என்பதால் அவற்றைப் படத்திலிருந்து பிரிக்க முயலாமல், அதே இடத்தில் புதிதாக வரைந்து பூச்சின் ஒளிநிழலைக் கொடுப்பதே மேல். கிளை, இலைகளுக்கு அந்த வழி கிடையாது. ஆனால் அவற்றுக்கு வேறொரு நன்மை உண்டு, பின்னால் பெரும்பாலும் வானம் இருக்கிறது. இலையின் பச்சையம் நீல ஒளியை நன்றாக விழுங்குகிறது, வானமோ நீலத்தில் பளிச்சென்றிருக்கிறது. அதனால் வேப்பங்கிளையின் நீல சேனலில் இலைகள் ஏறக்குறைய நிழலுருவமாகத் தெரியும், F பூஜ்யத்துக்கு அருகில் வரும், α = 1 − C/B என்று கணக்கு சுருங்கிவிடும். வெயிலில் பின்னொளி ஊடுருவிப் பச்சையாக ஒளிரும் இலைகூட நீலத்தில் இருட்டாகவே நிற்கும். பச்சை சேனலில் மாஸ்க் எடுப்பவர்களுக்கு அந்த இலைகள் ஓட்டையாகிவிடுகின்றன. நீல சேனலை நகலெடுத்து `Levels`-இல் இரண்டு முனைகளையும் இறுக்கும்போது இடையிலுள்ள சாம்பல் நிறங்களை விட்டுவைக்க வேண்டும். அந்தச் சாம்பலில்தான் இலை நுனிகளும் மெல்லிய குச்சிகளும் இருக்கின்றன. கிளைக்கு இரண்டு துணி முறை ஏன் ஒத்துவராது என்றால், இரண்டு படங்களுக்கிடையே காற்று இலைகளை அசைத்துவிடும்.

மேலே போட்ட கணக்குகள் அனைத்தும் ஒளியின் உண்மையான அளவுகளுக்கு உரியவை. கோப்பில் இருக்கும் 0 முதல் 255 வரையான எண்கள் அப்படிப்பட்டவை அல்ல, அவை கண்ணுக்கு ஏற்றபடி வளைத்து எழுதப்பட்டவை. கறுப்பும் வெள்ளையும் பாதிப்பாதியாகக் கலந்த பிக்சலைக் கேமரா ஏறத்தாழ 188 என்று எழுதும், ஃபோட்டோஷாப் வழக்கமான நிலையில் 128 என்று கலக்கும். கம்பியின் விளிம்பு முழுதும் இப்படிக் கலந்த பிக்சல்கள் என்பதால் இந்த வேறுபாடு வேலியில் பெரிதாகத் தெரியும், கருங்கம்பி தடித்துக் காணும். `Color Settings`-இன் விரிவான பகுதியில் `Blend RGB Colors Using Gamma` என்பதை 1.00 ஆக்கினால் கலவை சரியாகிறது. α-வைக் கணக்கிடும்போதும் ரா கோப்பை அழகூட்டும் வளைவு எதுவும் சேர்க்காமல் நேர் அளவில் திறந்துகொள்ள வேண்டும். இதெல்லாம் மிகையான நுணுக்கம், பார்ப்பவர்கள் கவனிக்க மாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. 0.44-க்கும் 0.31-க்கும் உள்ள இடைவெளியை யாரும் எண்ணாகக் கவனிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் வேலியில் ஒரே பிழை நூற்றுக்கணக்கான கண்ணிகளில் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருகிறது. தனியாகக் கண்ணில் படாத கோடு, வடிவமாக அடுக்கும்போது படத்தின் முதல் பார்வையிலேயே தட்டுப்படும்.

வரிசைக்கு மேல் ஆழத்துக்கு நியாயமான வேலை ஒன்று உண்டென்றால் அது நிழல்தான், ஆனால் அந்த வேலைக்கு ஆழத்தைப் பெரும்பாலோர் பயன்படுத்துவதில்லை. வெயில் வேலியின் வழியாக ஆள் மேல் விழுகிறதென்றால் அவர்மேல் கண்ணி வடிவ நிழல் இருக்க வேண்டும். எவ்வளவு கூர்மையாக என்பதை வேலிக்கும் அவருக்கும் உள்ள தொலைவு முடிவு செய்கிறது. சூரியன் வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலம் கொண்டது என்பதால், நிழலின் விளிம்பு தொலைவில் சுமார் 108-இல் ஒரு பங்கு பரவும். 3 மி.மீ. கம்பியின் முழுநிழல் 32 செ.மீ. தாண்டினால் இல்லாமல் போகிறது. நம் ஆள் வேலியிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி நிற்கிறார், அங்கே பரவல் 23 மி.மீ., நிழலின் அடர்த்தி அதிகபட்சம் 16 சதவீதம் அளவுக்கே. அவர் சட்டைமேல் கறுத்த கண்ணிக் கோடுகளை வரைந்தால், பார்ப்பவரின் கண் அவரை வேலிக்கு அரை அடி அருகில் கொண்டுவந்துவிடும். மாறாக, 25 மி.மீ. பருமனுள்ள கைப்பிடிக் குழாயின் முழுநிழல் இரண்டரை மீட்டரைத் தாண்டியும் நிற்கும். அதன் நடுக்கோட்டை வெளிறவைத்தால் அதுவும் பிழை.

ஆள் வேலியை விரல்களால் பற்றியிருக்கும் காட்சியில் வரிசையே குழம்பிவிடுகிறது. உள்ளங்கை கம்பிக்குப் பின்னால், விரல் நுனிகள் கம்பிக்கு முன்னால், இரண்டும் ஒரே கையில். ஆளுக்கு ஒரே ஆழம் என்று வைத்த எந்த முறையும் இங்கே உதவாது. கம்பி கடக்கும் இடங்களில் மட்டும் விரலைத் தனி லேயராகப் பிரித்து, வேலிக்கு மேலே வைக்க வேண்டும். அந்த விரலின் விளிம்பு மாஸ்க்கை வேலியின் மாஸ்க்கோடு ஒன்றாகப் பெருக்கிவிடாமல் தனித்தனியாக வைத்திருப்பது முக்கியம். ஒருமுறை சேர்த்துவிட்டால், ஆளை ஒரு விரற்கடை நகர்த்தும்போது பழைய கம்பியின் ஓட்டை அவர் உடம்பிலேயே பதிந்து கூடவே நகரும். இவ்வகைப் படத்துக்குக் கையையாவது உண்மையான வேலியைப் பிடிக்கவைத்து எடுப்பதே நல்லது என்பது என் கணிப்பு. கம்பி அழுத்தும் இடத்தில் சதை பிதுங்குவதையும், தொடும் கோட்டில் விழும் கூர்மையான நிழலையும் மாஸ்க் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கொண்டுவர முடியாது.